பரிசுக் கூப்பன் வருமானம்: ஒரே வகுத்தலில் கணக்கு

விற்ற பரிசுக் கூப்பன்களில் இதுவரை பயன்படுத்தப்பட்ட தொகையை, மொத்தமாகப் பயன்படுத்தப்படும் என்று நீங்கள் எதிர்பார்க்கும் விகிதத்தால் வகுத்தால், வருமானமாகக் காட்ட வேண்டிய தொகை நேரடியாகக் கிடைத்துவிடும். 1,00,000 ரூபாய்க்குக் கூப்பன் விற்ற கடையில் 10 சதவீதம் திரும்பி வராது என்பது பல ஆண்டுப் பதிவேடுகளில் தெரிந்திருந்து, இதுவரை 45,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கப்பட்டிருந்தால், 45,000 ÷ 0.9 = 50,000 ரூபாய் வருமானம்; மீதி 50,000 பொறுப்பாகவே நிற்கும்.

கூப்பன் விற்ற அன்று வாங்கிய பணம், பொருள் கொடுக்க வேண்டிய கடனே தவிர வருமானம் அல்ல. இந்தியக் கணக்கியல் தரநிலை 115, பயன்படாமல் போகும் பங்கை வாடிக்கையாளர்கள் கூப்பனைப் பயன்படுத்தும் வேகத்திற்கு ஏற்பச் சிறிது சிறிதாக வருமானத்தில் சேர்க்கச் சொல்வதால், காலாவதி நாள்வரை காத்திருந்து மொத்தமாக எடுப்பது தவறாகிவிடும். பொருள் வாங்கும் வாடிக்கையாளருக்குக் கடை தரும் பரிசுப் புள்ளிகளுக்கும் இதே விகிதம்தான். ஆனால் முதல் விற்பனை விலையிலேயே புள்ளிகளுக்குரிய பங்கைப் பிரித்து ஒதுக்கியிருக்க வேண்டும். மதிப்பீடு மாறினால், தொடக்கத்திலிருந்து பயன்படுத்தப்பட்ட மொத்தத்தையும் புதிய விகிதத்தால் வகுத்து, ஏற்கெனவே காட்டியதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

புதிதாகக் கூப்பன் விற்கத் தொடங்கி, நம்பகமான பழைய பதிவேடுகள் இல்லாத கடைக்கு இந்த வழி பொருந்தாது. அங்கே மீதியை யாரும் கேட்டு வரும் வாய்ப்பு மிக அரிதாகும்வரை பொறுப்பாகவே வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவின் சில மாநிலங்களில் உள்ளதுபோல், உரிமை கோரப்படாத தொகையை அரசிடம் ஒப்படைக்கச் சட்டம் சொன்னால், அந்தப் பங்கு எப்போதும் வருமானமாகாது.