"மொன் தொசியே எ கொம்ப்ளே": பிரான்சில் கேள்வி கேட்கும் மூன்று முறைகள்

பாரிசுக்கு வந்த இரண்டாம் வருசம் வதிவிட அட்டையைப் புதுப்பிக்க ஒரு கந்தோருக்குப் போயிருந்தேன். கடதாசிக் கட்டைக் கவுண்டரில் வைத்து, எல்லாம் சரியோ என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு, "மொன் தொசியே எ கொம்ப்ளே" என்றேன். உள்ளே இருந்த பெண் "த்ரே பியான்" என்று சொல்லி, ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் கட்டைத் தட்டில் போட்டார். ஐந்து கிழமை கழித்து முழுக் கட்டும் தபாலில் திரும்பி வந்தது. மின்சார பில் மூன்று மாதத்துக்கு மேல் பழையதாம். அதற்குள் அட்டை காலாவதியாகி, இரண்டு கிழமை வேலையும் போயிற்று.

நான் கேள்வி கேட்கவே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. "என் கட்டு முழுமையாக இருக்கிறது" என்று அவருக்கு உறுதி சொல்லியிருக்கிறேன். அவரும் "நல்லது" என்றார். வகுப்பில் இதை யாரும் எச்சரிக்கவில்லை என்ற கோபம் எனக்கு இன்னும் உண்டு.

தமிழில் கேள்வி சொல்லிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் "சரியோ", தமிழ்நாட்டில் "சரியா". அந்த ஓவோ ஆவோ ஒட்டிவிட்டால், குரலை எப்படி வைத்தாலும் அது கேள்விதான். பிரெஞ்சில் எதையும் சேர்க்காமல், வரிசையை மாற்றாமல் சொல்லும் வாக்கியத்தைக் கேள்வியாக்குவது குரல் மட்டுமே. கடைசி அசையில் அது தெளிவாக மேலே ஏற வேண்டும்: "கொம்ப்ளே"யில் "ப்ளே" உயர வேண்டும். அந்நியரோடு பேசும்போது நாம் மரியாதைக்காகக் குரலைத் தாழ்த்தி முடிப்போம். அங்கேதான் கேள்வி காணாமல் போகிறது. எதிரில் இருப்பவர் பதில் சொல்லாமல், சரி என்ற பொருளில் "தக்கோர்" என்று தலையாட்டினால், உங்கள் கேள்வி அவருக்குச் செய்தியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே திரும்பக் கேளுங்கள்.

இதற்கு மருந்து "எஸ்க". எழுத்தில் est-ce que என்று மூன்று சொல்லாக நீளும், வாயில் இரண்டு அசைதான். வாக்கியத்தின் வரிசையை மாற்றாமல் முன்னால் வைத்தால் போதும்: "எஸ்க மொன் தொசியே எ கொம்ப்ளே?" நம் ஓ கடைசியில் வரும், அவர்களுடைய எஸ்க முதலில் வரும். குரல் சரியாக ஏறாவிட்டாலும் கேள்வி கேள்வியாகவே நிற்கும். டாக்டர், பள்ளிக்கூடம், வங்கி, முதலாளி என்று எங்கேயும் பொருந்தும். மரியாதைக் குறைவும் இல்லை, செயற்கையாகவும் ஒலிக்காது.

குரலை ஏற்றிக் கேட்பது வீட்டுப் பேச்சு, சிநேகிதர் பேச்சு. என் மகள் பள்ளியால் வந்து, சாப்பிட்டாச்சோ என்று "தா மான்ஜே?" கேட்பது இந்த வகை. கடையில் பாண் இருக்கோ என்று "வூ அவே து பான்?" கேட்டாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள். அங்கே மரியாதையைத் தாங்குவது நீங்கள் என்று பொருள்படும் "வூ"வும் முதலில் சொல்லும் "போன்ஜூர்"உம்தான்.

மூன்றாவது, வினையை முன்னால் தூக்கிப் போடுவது. "வூ அவே" என்பது "அவே வூ" ஆகிவிடும். படிவங்களில் பெரும்பாலும் இதுதான்: "அவே வூ தேஸான்ஃபான் ஆ ஷார்ஜ்?", உங்களில் தங்கியிருக்கும் பிள்ளைகள் உண்டோ என்று. நேர்காணலில் அதிகாரியும் இப்படிக் கேட்கக்கூடும். பெயர்ச்சொல் இருந்தால் அது முன்னாலேயே நிற்க, வினைக்குப் பின்னால் அதைச் சுட்டி, அவன் அல்லது அது என்ற பொருளில் ஒரு "இல்" வரும்: "ல தொசியே எத்தில் கொம்ப்ளே?" உயிரெழுத்தில் முடியும் வினைக்கும் "இல்"லுக்கும் நடுவே ஒரு "த்" நுழையும்: அவனிடம் இருக்கோ என்பது "அ தில்". இந்த வகையைக் காதால் பிடிக்கப் பழகுங்கள், வாயால் சொல்ல அவசரப்பட வேண்டாம். சமையலறையில் கூட வேலை செய்பவரிடம் இப்படிக் கேட்டால் கடிதம் வாசிப்பதுபோல் இருக்கும். எப்படி இருக்கிறீர்கள் என்ற "கொமான்தலே வூ", எத்தனை மணி என்ற "கெல் எர் எத்தில்" போன்றவை மட்டும் எல்லார் வாயிலும் வரும்.

எஸ்கவையும் வினையை முன்னால் போடுவதையும் கலக்காதீர்கள். "எஸ்க அவே வூ" என்பது பிழை. எஸ்க வந்தால் வினை தன் இடத்திலேயே இருக்கும்: "எஸ்க வூ அவே".

அடுத்த தடவை அதே கந்தோருக்குப் போனபோது கேள்வியையே மாற்றிக்கொண்டேன். "போன்ஜூர் மதாம், எஸ்கில் மாங்க் அன் பப்பியே?" ஏதாவது கடதாசி குறைகிறதோ என்று. அந்தப் பெண் கட்டைத் திறந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். நடுவில் ஒன்றை உருவி, பில்லின் திகதியைப் பேனாவால் வட்டமிட்டு என் பக்கம் திருப்பினார். புது பில்லை அன்றைக்கு மத்தியானமே கொண்டுபோய்க் கொடுத்தேன்.