“வற் எல்லாருக்கும் 18% தானே” எண்டு எழுதாதேங்கோ: வரிச்சுமை அசைன்மென்ற்ல விடுற பிழையள்

முதலாம் வருசப் பிள்ளையளின்ர பொதுநிதி அசைன்மென்ற் கொஞ்சம் பாத்துக் குடுக்கிறனான், எல்லாத்திலயும் ஒரே வசனம்தான் வரும். “வருமான வரி புரோகிரசிவ், வற் ரிகிரசிவ், ஆகவே ஏழைகள் பாதிக்கப்படுகிறார்கள்.” முடிவு அரைவாசி சரியாக் கூட இருக்கலாம், ஆனா அங்க போய்ச் சேர்ந்த வழி முழுக்கப் பிழை, மார்க்ஸ் போறதும் அங்கதான். (தமிழில வளர்வீத வரி, தேய்வீத வரி எண்டு இருக்கும், புத்தகத்துக்குப் புத்தகம் சொல் மாறும், நீங்கள் எதை எடுத்தாலும் கடைசி வரைக்கும் அதையே பாவியுங்கோ.)

ஒண்டைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ. புரோகிரசிவ் எண்டா பணக்காரர் கூடக் காசு கட்டுறார் எண்டது இல்லை. வருமானம் ஏற ஏற, வரியை வருமானத்தால பிரிச்சா வாற வீதமும் ஏற வேணும். அந்த வீதம் இறங்கினா ரிகிரசிவ், அப்பிடியே நிண்டா விகிதசமம். இதைத் தெரியாமலே எழுதினம் எண்டு நான் சொல்லேல்ல, வரைவிலக்கணத்தை முதல் பக்கத்தில வடிவா எழுதிப்போட்டு மூண்டாம் பக்கத்தில மறந்துபோயினம்.

மறக்கிற இடம் ஒண்டு சம்பள வரி. 2025 ஏப்ரல் 1இல இருந்து இலங்கையில வருசம் 18 லட்சம், அதாவது மாசம் 150,000 வரைக்கும் வரி இல்லை. அதுக்கு மேல முதல் 10 லட்சத்துக்கு 6%, பிறகு அஞ்சு அஞ்சு லட்சமா 18%, 24%, 30%, மிச்சம் எல்லாத்துக்கும் 36%. இப்ப மாசம் 400,000 எடுக்கிற ஒருத்தரை எடுங்கோ, கனபேர் “அவர் 36% படியில நிக்கிறார், ஆகவே வரி 144,000” எண்டு எழுதினம். அப்பிடி இல்லை. வருசம் 48 லட்சம், 18 லட்சத்தைக் கழிச்சா 30 லட்சம். அதில 60,000, 90,000, 120,000, 150,000, கடைசி அஞ்சு லட்சத்துக்கு 180,000, கூட்டிப் பாருங்கோ வருசம் 600,000 வரும், மாசம் 50,000. 36% எண்டது அவர் உழைக்கிற கடைசி ரூபாவுக்கான எல்லை வீதம், அவற்ற சராசரி வீதம் 12.5% தான். மேல் படிக்குப் போனா கைக்கு வாற சம்பளம் குறைஞ்சுபோகும் எண்டு ஊரில கதைக்கிறதும் இதே பிழைதான், படிக்கு மேல உள்ள காசுக்கு மட்டும்தான் கூடின வீதம்.

இதோட ஒட்டின இன்னொண்டு, படி படியா வீதம் இருந்தாத்தான் புரோகிரசிவ் எண்டு நினைக்கிறது. 150,000க்கு மேல உள்ள எல்லாத்துக்கும் ஒரே 20% எண்டு வைச்சுப் பாருங்கோ, 200,000 எடுக்கிறவர் 10,000 கட்டுவார், அது 5%. 400,000 எடுக்கிறவர் 50,000, அது 12.5%. வீதம் ஒண்டுதான், ஆனாலும் புரோகிரசிவ். வேலையைச் செய்யிறது அந்த வரியில்லாத முதல் 150,000.

இனி வற். 2019 கடைசியில 15%இல இருந்து 8% ஆக்கினவை, 2022இல 12%, அதே வருசம் திரும்ப 15%, 2024 ஜனவரியில இருந்து 18%. “எல்லாருக்கும் 18%, ஆகவே விகிதசமம்” எண்டு ஒரு கூட்டம் எழுதும், “ஏழைக்கும் 18%, ஆகவே ரிகிரசிவ்” எண்டு மற்றக் கூட்டம் எழுதும், ரெண்டு பேரும் கணக்கே போடேல்ல. 18% எண்டது சாமான் விலையில, உங்களிட்டக் கேக்கிறது வருமானத்தில எத்தினை வீதம் எண்டு.

கணக்குப் போடுவம், ரெண்டு வீடு, இலக்கம் நான் வைச்சதுதான். முதல் வீட்டு வருமானம் மாசம் 60,000, அவ்வளவும் செலவாகும். அரிசி, பாண், எங்கட ஊர் மரக்கறி, மீன் மாதிரி வற் இல்லாததுக்கே அரைவாசி போகும், மிச்சம் 30,000க்கு வற் போட்ட சாமான். ரெண்டாவது அந்த 400,000 வீடு, செலவு 180,000, அதில வற் போட்ட சாமான் 120,000. இங்க சின்னக் குழி ஒண்டு இருக்கு, கடையில குடுக்கிற விலைக்குள்ள வற் ஏற்கனவே கிடக்கு, ஆகவே 30,000ஐ 18%ஆல பெருக்கக் கூடாது, 118இல 18 பங்கு எடுக்க வேணும். முதல் வீடு 4,576 ரூபா, ரெண்டாவது வீடு 18,305 ரூபா. ரூபாவில பாத்தா பெரிய வீடு நாலு மடங்கு கட்டுது. வருமானத்தால பிரிச்சா சின்ன வீட்டுக்கு 7.6%, பெரிய வீட்டுக்கு 4.6%. இப்பத்தான் நீங்கள் ரிகிரசிவ் எண்டு எழுதலாம்.

ஆனா அதே ரூபாவை வருமானத்தால பிரிக்காமச் செலவால பிரிச்சுப் பாருங்கோ. சின்ன வீடு அதே 7.6%, பெரிய வீடு 180,000இல 10.2%. கவிழ்ந்துபோச்சு, இப்ப வற் புரோகிரசிவ் மாதிரித் தெரியுது! ஏன் எண்டா வற் இல்லாத சாப்பாட்டுச் சாமான் சின்ன வீட்டுச் செலவில கூடின பங்கு. எது சரி எண்டு கேட்டா, ரெண்டுக்கும் ஆள் இருக்கு. செலவால பிரிக்கிறவை சொல்லுறது, பெரிய வீடு இண்டைக்குச் சேமிக்கிற காசும் ஒரு நாள் செலவாகும், அப்ப வற் கட்டும், ஆகவே ஒரு வருச வருமானத்தை வைச்சுப் பாக்கக் கூடாது எண்டு. இதில உண்மை இருக்கு, பென்சன் இல்லாம வங்கியில போட்ட காசை எடுத்துச் சாப்பிடுற வயசாளி ஒருத்தருக்கு இந்த வருச வருமானத்தில வற் வீதம் பயங்கரமாத் தெரியும், அவர் ஏழை எண்டு அர்த்தம் இல்லை. ஆனா பரம்பரையாச் செலவாகாமலே போற சொத்தும் இருக்கு, மாசக் கடைசியில கடைக் கொப்பியில கடன் வைக்கிற வீட்டுக்கு இந்த மாச வருமானம்தான் கணக்கு. நான் எண்டா வருமானத்தாலதான் பிரிப்பன், ஆனா எதால பிரிச்சனான் எண்டு ஒரு வசனம் எழுதுவன். அந்த வசனம் இல்லாத விடைக்கு அர்த்தமே இல்லை.

பில்லில வற் எண்டு அடிக்காட்டி வற் இல்லை எண்டும் எழுதாதேங்கோ. சந்திக்கடை வற்றுக்குப் பதியாத சின்னக் கடையா இருக்கும், ஆனா சோப்பை அவர் பதிஞ்ச விநியோகத்தரிட்ட வற்றோட வாங்கினவர், அதைத் திருப்பி எடுக்க அவருக்கு வழி இல்லை, விலைக்குள்ள அது வந்துதான் ஆகும்.

இன்னொண்டு, வற் ரிகிரசிவ் எண்டு கண்ட உடன “நாட்டு வரி முறையே ரிகிரசிவ்” எண்டு பாயிறது. மேல உள்ள ரெண்டு வீட்டுக்கும் ரெண்டு வரியையும் கூட்டுங்கோ, சின்ன வீடு 7.6%, பெரிய வீட்டில ஒருத்தர்தான் உழைக்கிறார் எண்டா 12.5உம் 4.6உம் சேர்ந்து 17.1%. ரெண்டும் சேர்ந்தா புரோகிரசிவ். பெரிய வீட்டு உழைப்பு பதிவில்லாத வியாபாரத்தால வந்து வருமான வரியே கட்டாட்டிக் கதை வேற, அப்ப 4.6% மட்டும்தான்.

இவ்வளவு கணக்கும் ஒரு ஊகத்தில நிக்குது, அதைத்தான் ஒருத்தரும் எழுதுறேல்ல. வற் முழுக்க வாங்குறவற்ற தலையில விழுது எண்டு நான் பேசாம எடுத்துக்கொண்டன். சட்டம் ஆரைக் கட்டச் சொல்லுதோ அவர்தான் சுமக்கிறார் எண்டு நம்புறதுதான் எல்லாப் பிழைக்கும் தாய்ப்பிழை.

யாழ்ப்பாணத்தில பாசையூர்ப் பக்கம் விடிய மீனை ஏலத்தில கூறுறதை யோசிச்சுப் பாருங்கோ. ஒருத்தர் 50 கிலோ மீனோட கரைக்கு வந்திட்டார், ஐஸ் இல்லை, பத்து மணிக்குப் பிறகு அந்த மீனுக்கு விலையும் இல்லை. வழமையா கிலோ 1,000க்குப் போகும். இப்ப கிலோவுக்கு 100 ரூபா வரி, கட்ட வேண்டியது வாங்குற வியாபாரி எண்டு ஒரு சட்டம் வந்தது எண்டு வையுங்கோ. வியாபாரிமார் என்ன செய்வினம்? அந்த மீன் அவைக்கு மொத்தமா 1,000தான் பெறும், ஆகவே கூறும்போது 900க்கு மேல கேக்காயினம். மீன் அதே 50 கிலோ, விக்காமக் கொண்டுபோக ஏலாது, கடலுக்குப் போனவர் 900ஐ வாங்கிக்கொண்டு போவார். வரிப் பத்திரத்தில வியாபாரியின்ர பேர், காசு போனது மீனவரிட்ட இருந்து. சட்டத்தைத் திருப்பி, மீனவர்தான் கட்ட வேணும் எண்டு போட்டாலும் 1,000 வாங்கி 100 கட்டி அதே 900தான். ஆர் கட்டுறது எண்ட சட்டம் மாறினாலும் சுமை மாறேல்ல.

சுமையைத் தீர்மானிக்கிறது ஆர் விலகி நிக்கலாம் எண்டதுதான். விலை 1% மாறினா விக்க வாற அளவு எத்தினை வீதம் மாறும் எண்டது நிரம்பல் நெகிழ்ச்சி, வாங்குற அளவு எத்தினை வீதம் மாறும் எண்டது கேள்வி நெகிழ்ச்சி. வாங்குறவை சுமக்கிற பங்கு = நிரம்பல் நெகிழ்ச்சி ÷ (நிரம்பல் நெகிழ்ச்சி + கேள்வி நெகிழ்ச்சி). கேள்வி நெகிழ்ச்சியின்ர மைனஸ் குறியை விட்டுப்போட்டுப் போடுங்கோ. அண்டு விடியக் கரைக்கு வந்த மீனுக்கு நிரம்பல் நெகிழ்ச்சி பூச்சியம், ஆகவே வாங்குறவை சுமக்கிறதும் பூச்சியம். நீரிழிவுக்காரரின்ர இன்சுலினுக்கு மற்றப் பக்கம், கேள்வி கிட்டத்தட்ட நெகிழாது, ஆகவே வரி முழுக்க நோயாளியிட்ட போகும். இந்தச் சூத்திரம் சின்ன வரிக்கும் போட்டியுள்ள சந்தைக்கும்தான், ரெண்டு மூண்டு வியாபாரி சேர்ந்து விலை பேசுற இடத்தில அப்பிடியே போடாதேங்கோ.

இப்ப திரும்பி முதல் கேள்விக்கு வாங்கோ. அந்த மீன் வரி புரோகிரசிவா? வியாபாரி வசதியான ஆள், சட்டம் அவரைக் கட்டச் சொல்லுது, ஆகவே புரோகிரசிவ் எண்டு எழுதினா முழுப் பிழை, ஏன் எண்டா சுமந்தது மீனவர். முதல் ஆர் சுமக்கிறார் எண்டு கண்டுபிடிக்க வேணும், பிறகுதான் அவற்ற வருமானத்தால பிரிக்க வேணும், எங்கட பிள்ளையள் இதைத் தலைகீழாச் செய்யினம்.

அதோட காலத்தையும் எழுதுங்கோ. 900க்கே விக்க வேண்டி வந்தா ரெண்டு வருசத்தில ஒருத்தர் படகை வித்துப்போட்டு மேசன் வேலைக்குப் போவார், இன்னொருத்தற்ற மகன் கடலுக்கே வரமாட்டான். கரைக்கு வாற மீன் குறையும். அப்ப நிரம்பல் நெகிழ்ச்சி பூச்சியம் இல்லை, ரெண்டு பக்கமும் 1 எண்டு வைச்சா வாங்குறவைக்கு அரைவாசி, கிலோ 1,050 ஆகும், மீனவருக்கு 950 வரும். அண்டைக்கு வியாபாரி தன்ர வாங்கல் விலையில கூடின 50ஐயும் சேர்த்துத்தான் திருநெல்வேலிச் சந்தையில விலை சொல்லுவார், அரைக் கிலோ வாங்கப் போன அம்மா கால் கிலோவோட வருவா.