பயிற்சியாளர் எழுதிய நீளமான கட்டுரையைச் செதுக்குவது எப்படி?

ஓட்டப் பயிற்சியாளர் ஒருவர் தன் கட்டுரையைத் திருத்தக் கொடுத்தார். மொத்தம் 11 பத்தி. சொல்ல வந்ததோ ஒன்றுதான்: புதிதாக ஓடுகிறவர்கள் மெதுவாக ஓட வேண்டும். மைதானத்தில் ஒன்றையே நாலு தடவை சொன்னால்தான் காதில் ஏறும். எழுத்தில் அது சலிப்பு.

படி 1: ஓரக்குறிப்பு

முதலில் எதையும் அழிக்காதீர்கள். பத்திகளுக்கு எண் போட்டு, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று ஓரத்தில் நாலைந்து சொற்களில் எழுதுங்கள். எனக்குக் கிடைத்தது இது:

1–3: அவர் ஓட ஆரம்பித்த கதை
4: மெதுவாக ஓடுங்கள், காரணம்
5: காலணி
6: மெதுவாக ஓடுங்கள்
7: பேசிப் பார்த்து வேகம் அறிவது
8: ஒரு மாணவரின் அனுபவம்
9: மெதுவாக ஓடுங்கள்
10: வலி
11: மறுபடியும் மெதுவாக

எங்கே சுற்றுகிறார் என்பது இப்போதே தெரிந்துவிடும்.

படி 2: திரும்ப வருவதைச் சேர்ப்பது

4, 6, 9, 11 நான்கும் ஒரே பேச்சு. அதற்காக மூன்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டக் கூடாது. 9-இல் மட்டும் "ஏற்றத்தில் நடந்தாலும் தப்பில்லை" என்று புதிதாக ஒரு வரி இருந்தது. அதை 4-க்குக் கொண்டுபோய்விட்டு மற்றதை நீக்கினேன்.

படி 3: வரிசை

'மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக?' என்றுதான் வாசகர் கேட்பார். பதில் 7-இல் ஒளிந்திருக்கிறது. அதனால் 7 முதலில், அப்புறம் 4, 8, 10. சொந்தக் கதை இரண்டு வரியானது. காலணி வேறொரு கட்டுரைக்கான சரக்கு.

படி 4: வாக்கியம்

முன்பு: "நான் எப்போதும் சொல்வது என்னவென்றால், ஓடும்போது பேச முடிகிறதா என்று கவனிக்க வேண்டும், அதாவது முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அது சரியான வேகம், முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம், காலும் ஓடணும் வாயும் ஓடணும்."

பின்பு: "ஓடும்போது பேசிப் பாருங்கள். முழு வாக்கியம் வந்தால் வேகம் சரி. மூச்சு வாங்கினால் அதிகம். காலும் ஓடணும், வாயும் ஓடணும்."

'என்னவென்றால்', 'அதாவது', 'என்று அர்த்தம்' மூன்றும் வாய்ப்பேச்சின் ஒட்டுகள். எடுத்தால் ஒன்றும் குறையாது. கடைசி வரியும் சொன்னதையே சொல்வதுதான். ஆனால் அவர் குரல் அதில் இருக்கிறது, அப்படியே வைத்துவிட்டேன்.

படி 5: மூலத்தோடு ஒப்பிடுவது

இங்கேதான் நான் சறுக்கினேன். "தசையில் லேசான வலி பரவாயில்லை, மூட்டில் வலி என்றால் நிறுத்துங்கள்" என்பதை "வலி வந்தால் நிறுத்துங்கள்" என்று சுருக்கிவிட்டேன். "அப்படிப் போட்டால் முதல் வாரமே எல்லோரும் நின்றுவிடுவார்கள்" என்றார் பயிற்சியாளர். 'லேசான', 'மூட்டில்', 'என்றால்' மாதிரிச் சொற்களை மூலத்தில் வட்டமிட்டு, திருத்தியதிலும் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அந்த வரியை அப்படியே திரும்பப் போட்டேன்.