ஆலையில் நச்சு வாயு கசிந்தால்: எந்த அறை, எதை அடைப்பது, எப்போது திறப்பது

ஆலைச் சங்கு நிற்காமல் ஊதுகிறது. ஜன்னல் வழியாக பிளீச்சிங் பவுடர் மாதிரி ஒரு நெடி. இந்த நேரத்தில் பெரும்பாலானோருக்குத் தோன்றுவது ஒன்றுதான்: வெளியே ஓடு. 1984 டிசம்பரில் போபாலில் நள்ளிரவில் கண்ணெரிச்சலோடு எழுந்தவர்களில் பலர் அப்படித்தான் தெருவில் இறங்கி ஓடினார்கள். ஓடும்போது மூச்சு வாங்கும், அதனால் உள்ளே போகும் வாயுவும் கூடும். வாயு மேகம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் அதற்குள்ளேயே ஓடிவிடவும் கூடும். வெளியேறச் சொல்லி அறிவிப்பு வராதவரை, வீட்டுக்குள் புகுந்து ஓர் அறையை அடைத்துக்கொள்வதே பெரும்பாலும் நல்லது.

அதை எப்படிச் செய்வது என்று ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். ஆலை 2 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, கசிவது குளோரின். இலைகள் சலசலக்கும் அளவுக்கு, விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் காற்று உங்கள் பக்கம் வீசுகிறது. அப்படியானால் கசிந்த வாயு உங்களை எட்ட ஏறக்குறைய 11 நிமிடம் ஆகும். சங்கு ஊதும்போதே அதில் சில நிமிடங்கள் போயிருக்கும்.

முதல் 2 நிமிடம்: வீட்டை மூடுங்கள்

எல்லோரையும் உள்ளே கூப்பிடுங்கள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தித் தாழ்ப்பாள் போடுங்கள். சும்மா சாத்தினால் இடுக்கு விடும், தாழ்ப்பாள் போட்டால்தான் கதவு சட்டத்தோடு இறுகும். அப்புறம் ஏசி, மின்விசிறி, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன், குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பலர் மறப்பது எக்ஸாஸ்ட் ஃபேனைத்தான். அது உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் வெளியே போன அளவுக்குக் காற்று வேறு இடுக்குகள் வழியாக உள்ளே வரும். அது வாயு கலந்த காற்று. அடுப்பையும் அணைத்துவிடுங்கள்.

அடுத்து: அறையைத் தேர்ந்தெடுங்கள்

குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. தரையோடு தவழ்ந்து பள்ளத்திலும் நிலவறையிலும் தேங்கும். அதனால் மாடி இருந்தால் மாடிக்குப் போங்கள். அம்மோனியா இயல்பில் காற்றைவிட இலேசானது. ஆனால் திரவமாகச் சேமித்து வைத்த தொட்டியிலிருந்து கொட்டும்போது குளிர்ந்த மேகமாகத் தரையோடும் வரும். ஆக, என்ன வாயு என்று தெரியாதபோதும் நிலவறையைத் தவிர்ப்பதே சரி.

ஜன்னல் குறைவாக, முடிந்தால் ஆலை இருக்கும் பக்கத்துக்கு மறுபக்கமாக இருக்கும் அறையாகப் பாருங்கள். ஒருவருக்கு 1 சதுர மீட்டர் தரைப்பரப்பு இருந்தால் 5 மணி நேரம் வரை தாங்கும் என்பது பேரிடர்ப் பயிற்சிகளில் சொல்லும் கணக்கு. 3 மீட்டருக்கு 4 மீட்டர் படுக்கையறையில் நாலு பேர் இருந்தால் ஆளுக்கு 3 சதுர மீட்டர் கிடைக்கும், மூச்சுக்குக் கவலையில்லை. மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றாதீர்கள்.

அறையை அடைப்பது

இதற்குத் தேவையானது மூன்று பொருள்: கனமான பாலித்தீன் ஷீட், அகலமான ஒட்டு டேப், இரண்டு மூன்று பழைய துண்டு. ஷீட்டை அன்றைக்கு வெட்டிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. எங்கள் வீட்டில் முதல் ஒத்திகைக்கு 23 நிமிடம் ஆனது, பாதி நேரம் கத்தரிக்கோலைத் தேடியே போயிற்று. இப்போது ஒவ்வொரு ஜன்னலுக்கும் நான்கு பக்கமும் ஒரு சாண் கூடுதலாக வெட்டி, எந்த ஜன்னலுக்கானது என்று மேலே எழுதி, டேப்போடு சுருட்டி அதே அறை அலமாரியில் வைத்திருக்கிறோம். கடைசி ஒத்திகை 8 நிமிடத்தில் முடிந்தது.

ஒட்டும்போது முதலில் மேல் விளிம்பு, பிறகு பக்கங்கள், கடைசியில் கீழ் விளிம்பு. டேப் தூசியில் ஒட்டாது, சுவரை ஒரு துடை துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஜன்னலுக்கு மேலே உள்ள காற்றுத் துளை, ஏசி குழாய் நுழையும் ஓட்டை, பிளக் பலகை இடுக்கு, இவையும் வழிகள்தான். கதவுக்கு நான்கு ஓரமும் டேப், அடியில் ஈரத் துண்டைச் சுருட்டித் திணியுங்கள். உள்ளங்கையை நனைத்து ஓரங்களில் மெல்ல ஓட்டிப் பாருங்கள், காற்று வந்தால் அங்கே சில்லென்று தெரியும்.

நெடி இல்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடும்போது மூக்கை மரக்கச் செய்துவிடும். கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது என்றால் மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் மூடிக்கொண்டு இடுக்கைத் தேடுங்கள். தண்ணீரில் கரையும் குளோரின், அம்மோனியா போன்றவற்றை ஈரத்துணி ஓரளவு தடுக்கும். அதை முகமூடி என்று நம்பி வெளியே போகாதீர்கள்.

அறிவிப்பைக் கேட்பது

பேட்டரி வானொலி ஒன்று, மின்னேற்றிய போன் ஒன்று, இரண்டும் அறைக்குள் வேண்டும். உறவினர்களை வரிசையாகக் கூப்பிட வேண்டாம், ஒரு குறுஞ்செய்தி போதும். அவசர எண்ணை உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் கூப்பிடுங்கள்.

காதில் வாங்க வேண்டியவை மூன்று: என்ன வாயு, எந்தப் பகுதிக்கு, உள்ளே இருக்கவா வெளியேறவா. எரியக்கூடிய வாயுவாக இருந்தாலோ கசிவு நீடித்தாலோ வெளியேறச் சொல்வார்கள். அப்போது அறையை அடைத்த உழைப்பை நினைத்துத் தயங்காமல் சொன்ன வழியில் போங்கள். வழி சொல்லவில்லை என்றால், காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நடங்கள்.

திறப்பது

ஆரம்பத்தில் பயிற்சி எடுத்தபோது எனக்கே புரியாத இடம் இதுதான். அடைத்த அறை காற்றுப் புகாத பெட்டி அல்ல, மெதுவாகக் கசியும் பெட்டி. வாயு மேகம் நம்மீது அரை மணி நேரம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஜன்னல் திறந்த வீட்டில், மணிக்கு ஐந்து முறை காற்று மாறுகிறது என்றால், வெளியே உள்ள அளவில் ஏறக்குறைய 90 சதவீதம் உள்ளே வந்துவிடும். மூடிய வீட்டில், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறினால், சுமார் 22 சதவீதம். டேப் ஒட்டிய அறையில் ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறைதான் மாறுகிறது என்றால் 10 சதவீதம்.

சரி, இப்போது மேகம் கடந்துவிட்டது. வெளியே சுத்தமான காற்று. ஆனால் உள்ளே புகுந்த அந்த 10 சதவீதம் அதே மெதுவான வேகத்தில்தான் வெளியேறும், பாதியாகக் குறையவே மூன்றரை மணி நேரம் ஆகும். இதுவரை காப்பாற்றிய டேப் இனி வாயுவை உள்ளே அடைத்து வைக்கிறது. அதனால் 'அபாயம் நீங்கியது' என்று அறிவித்த உடனே ஷீட்டைக் கிழித்து, எல்லாக் கதவு ஜன்னலையும் திறந்து, ஃபேன்களைப் போட்டுவிட்டு, எல்லோரும் வீட்டுக்கு வெளியே போய் நில்லுங்கள். நெடி போய்விட்டது, சங்கு நின்றுவிட்டது என்று நாமாக ஊகித்துத் திறக்கக் கூடாது.

குளோரினைச் சுவாசித்தவருக்கு அப்போதைக்கு இலேசான இருமல் மட்டும் இருந்து, சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் வரலாம். இருமல் நிற்காவிட்டாலோ படுத்தால் மூச்சு முட்டினாலோ மருத்துவமனைக்குக் கூட்டிப் போய், வானொலியில் கேட்ட வாயுவின் பெயரை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.