சாட் சால்வரில் கட்டப் புதிர்: இரண்டாவது விடையைக் கேட்காமல் விடுவது

பெங்களூரு அல்சூரில் என் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். யார் எந்த மாடியில் இருக்கிறார், யார் என்ன குடிக்கிறார் என்று குறிப்புகளை வைத்துக் கண்டுபிடிக்கும் கட்டப் புதிர்களை, கொடுத்த நிபந்தனைகள் எல்லாவற்றையும் நிறைவேற்றும் விடை உண்டா என்று தேடும் சாட் சால்வர் என்ற நிரலுக்குப் புரியும்படி எழுதிப் பழகுகிறார்கள். போன வாரம் ஒரு பையன் திரையில் விடை உண்டு என்ற பொருளில் `SATISFIABLE` என்று வந்ததுமே "வந்துருச்சுண்ணா" என்று லேப்டாப்பை மூடினான். எனக்குச் சுருக்கென்றது. பல வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் மூடினேன்.

எழுத்துப்பிழை, நிறுத்தற்குறி போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை சால்வரே காட்டிக்கொடுத்துவிடும். எந்தச் சத்தமும் இல்லாமல் தவறான விடையைக் கையில் கொடுக்கிற தவறுதான் என் கவலை.

## மாறிகளை 0-இலிருந்து எண்ணுவது

கூடாது. 'இவர் இந்த மாடியில் இருக்கிறார்' என்பது போன்ற ஒவ்வொரு கூற்றுக்கும் ஓர் எண் கொடுக்கிறோம், அதுதான் மாறி. சால்வர் படிக்கும் கோப்பில் `0` என்றால் வரி முடிந்தது என்று பொருள். 1-இலிருந்து தொடங்குங்கள்.

## ஒரு பக்கத்தை மட்டும் கட்டுவது

மூன்று மாடிக் கட்டடம். ரேவதி, குமரன், தாஸ் ஆளுக்கொரு மாடியில் இருக்கிறார்கள். காபி, டீ, பாதாம் பால் மூன்றில் ஒவ்வொருவருக்கும் ஒன்று. ஒரு மாடிக்கு ஆறு மாறிகள், இந்த வரிசையில்: ரேவதி, குமரன், தாஸ், காபி, டீ, பாதாம் பால். முதல் மாடிக்கு 1 முதல் 6, இரண்டாவதுக்கு 7 முதல் 12, மூன்றாவதுக்கு 13 முதல் 18. அதாவது 8 மெய் என்றால் குமரன் இரண்டாம் மாடியில் இருக்கிறார். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் 'இல்லை'. ஒரு வரியில் இருக்கும் எண்களில் குறைந்தது ஒன்று மெய்யாக வேண்டும். அந்த வரியைத்தான் கிளாஸ் என்கிறோம்.

ஒவ்வொரு மாடியிலும் ஓர் ஆளாவது இருக்க வேண்டும், ஒரு பானமாவது இருக்க வேண்டும் என்பதற்கு 6 கிளாஸ். இதோடு நிறுத்தினால் குமரன் மூன்று மாடியிலும் குடியிருப்பார். ஒரே ஆளோ ஒரே பானமோ இரண்டு மாடிகளில் வரக்கூடாது என்பதையும் எழுத வேண்டும். அதற்கு 18 கிளாஸ். இரண்டும் சேர்ந்தால் போதும். மூன்று மாடிக்கும் ஆள் வேண்டும், ஒருவர் ஓரிடத்தில்தான் இருக்க முடியும் என்றால், ஒரு மாடியில் இருவர் இருக்க வழியே இல்லை.

## முதல் விடையோடு எழுந்துவிடுவது

இப்போது குறிப்புகள். குமரன், டீ குடிப்பவருக்கு நேர் கீழ் மாடியில் இருக்கிறார். ரேவதி காபி குடிப்பவர். ரேவதி முதல் மாடியில் இல்லை.

முதல் குறிப்பை எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள்: குமரன் முதல் மாடியில் இருந்தால் இரண்டாம் மாடியில் டீ, இரண்டாம் மாடியில் இருந்தால் மூன்றாம் மாடியில் டீ.

```
-2 11 0
-8 17 0
```

இந்த வரிகளை மாடி மாடியாக எழுதும் லூப் அதோடு முடிந்துவிடுகிறது, ஏனென்றால் மூன்றாம் மாடிக்கு மேலே மாடி கிடையாது. அங்கேதான் ஓட்டை. மேலே ஒன்றும் இல்லாததால் குமரன் மூன்றாம் மாடியில் இருக்கவே முடியாது என்று நமக்குத் தெரிகிறது. சால்வருக்கு அதை யாரும் சொல்லவில்லை. குமரனை மூன்றாம் மாடிக்கு அனுப்பினால் மேலே உள்ள இரண்டு வரியும் தாமாகவே நிறைவேறிவிடும், குறிப்பு காற்றில் போய்விடும். ரேவதி பற்றிய இரண்டு குறிப்புகளையும் சரியாகவே எழுதிச் சேர்த்த பிறகு சால்வர் இப்படி ஒரு விடை தரலாம்:

```
s SATISFIABLE
v -1 -2 3 -4 5 -6 7 -8 -9 10
v -11 -12 -13 14 -15 -16 -17 18 0
```

நேர்ம எண்களை மட்டும் எடுங்கள்: 3, 5, 7, 10, 14, 18. முதல் மாடியில் தாஸ், டீ. இரண்டாவதில் ரேவதி, காபி. மூன்றாவதில் குமரன், பாதாம் பால். ஆளுக்கொரு மாடி, ஆளுக்கொரு பானம், பார்க்க எந்தக் குறையும் இல்லை. அதுதான் ஆபத்து. விடை கன்னாபின்னாவென்று வந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

நான் ஏமாந்தது இதே ஓட்டையில். இங்குள்ள ஒரு தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஐந்து மாடிப் புதிர் ஒன்றை நான் எழுதிக் கொடுத்தேன், விடையும் நான் கொடுத்ததுதான். மலர் அச்சாகி எல்லோர் கைக்கும் போன பிறகு ஜெயநகரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போன் செய்தார். "தம்பி, அவரு மேல் மாடியில இருந்தா அவருக்கு மேல யாருப்பா டீ குடிக்கிறது?" மூன்று நாள் பென்சிலும் பேப்பருமாக உட்கார்ந்திருக்கிறார் மனிதர். அவர் விடைதான் சரி. அச்சான மலரைத் திருத்த முடியவில்லை. அந்த மூன்று நாளை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை.

இதைப் பிடிக்க ஒரே ஒரு வரி போதும். கட்டப் புதிருக்கு ஒரே விடைதான் இருக்க வேண்டும். அதனால் கிடைத்த விடையைத் தடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள்:

```
-3 -5 -7 -10 -14 -18 0
```

இந்த ஆறும் சேர்ந்து மெய்யாகக் கூடாது என்று பொருள். ஒரு வரி கூடியதால் கோப்பின் தலைப்பில் உள்ள கிளாஸ் எண்ணிக்கையையும் கூட்டிவிடுங்கள். வேறு விடை இல்லை என்றால் இப்போது `s UNSATISFIABLE` வர வேண்டும். இந்தப் புதிரில் வராது, இன்னொரு விடை வரும். அதையும் தடுத்தால் மூன்றாவதும் வரும். மூன்று விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டில் குமரன் மேல் மாடியில் நிற்பது கண்ணில் படும். எந்தக் குறிப்பு காணாமல் போனது என்பது அங்கேயே தெரிந்துவிடும். தடுத்த வரிகளை எடுத்துவிட்டுச் சேர்க்க வேண்டியது இது:

```
-14 0
```

இதற்குப் பிறகு 2, 6, 9, 11, 13, 16 மட்டுமே மிஞ்சும்: கீழே குமரன் பாதாம் பாலோடு, நடுவில் தாஸ் டீயோடு, மேலே ரேவதி காபியோடு.

## துணை மாறிகளையும் சேர்த்துத் தடுப்பது

"இது அல்லது அது" வகைக் குறிப்புகளுக்குக் கட்டத்தில் இல்லாத துணை மாறிகளைச் சிலர் சேர்ப்பார்கள். தடுக்கும் வரியில் அவை வரவே கூடாது. வந்தால் அதே கட்டம், துணை மாறி மட்டும் மாறி, புது விடை போலத் திரும்பி வரும். இல்லாத ஓட்டையைத் தேடி மாலை முழுவதும் போய்விடும்.

## `v` வரி ஒன்றுதான் என்று நினைப்பது

`0` வரும்வரை படியுங்கள்.

## ஒரே விடை வந்ததும் நிம்மதியாவது

இரண்டாவது விடை இல்லை என்றால் குறிப்பு எதுவும் தொலையவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். குறிப்பைத் தலைகீழாக எழுதியிருந்தால் இந்தச் சோதனை காப்பாற்றாது. "நேர் கீழே" என்பதை "நேர் மேலே" என்று எழுதிப் பாருங்கள், முதல் மாடிக்கான தடையையும் மறக்காமல் சேர்த்து. அப்போதும் ஒரே விடைதான் வரும்: தாஸ் கீழே டீயோடு, குமரன் நடுவில், ரேவதி மேலே. சுத்தமான விடை, ஆனால் வேறொரு புதிருக்கு.

அதனால் எண்களைப் பெயர்களாக மாற்றி எழுதிய பிறகு, கிளாஸ்களைப் பார்க்காமல், புதிரின் தமிழ் வாக்கியங்களை ஒவ்வொன்றாக அந்தக் கட்டத்தோடு ஒப்பிடச் சொல்கிறேன். கிளாஸ் எழுதியவர் அல்லாமல் பக்கத்தில் இருப்பவர் வாசிக்க வேண்டும். போன வாரம் அந்தப் பையனின் கட்டத்தை அவன் தோழி வாசித்தாள். இரண்டாவது குறிப்பிலேயே நிறுத்திவிட்டாள்.