சிம் அட்டை தானே பேசும்போது

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் தங்கியிருக்கும் என் அண்ணனின் ஃபோனில், இரண்டாவது சிம் ஊர் எண். திரையில் அடிக்கடி ஜாதகம், கிரிக்கெட் என்று அறிவிப்புகள் குதித்தன. எந்தச் செயலியை நீக்கியும் நிற்கவில்லை. அந்த சிம்மைக் கழற்றியதும் நின்றுவிட்டன!

காரணம், சிம் நிறுவனம் அட்டைக்குள்ளேயே வைத்திருக்கும் சிறு நிரல். ‘இதைத் திரையில் காட்டு’, ‘இந்தக் குறுஞ்செய்தியை அனுப்பு’ என்று அதுவே ஃபோனுக்குக் கட்டளையிடும். நாம் OK அழுத்தினால் சந்தாவுக்கான குறுஞ்செய்தி போய்விடலாம்; சிங்கப்பூரில் இருந்தால் ரோமிங் கட்டணமும் சேரும். அதனால் Cancel அழுத்துங்கள்.

ஆண்ட்ராய்டில் SIM Toolkit செயலியைத் திறந்து, இந்த அறிவிப்புகளை அனுப்பும் சேவையின் பெயருக்குள் நிறுத்தும் தேர்வைத் தேடுங்கள். ஐஃபோனில் அமைப்புகளின் மொபைல் சேவைப் பகுதியில் SIM Applications என்றிருக்கும். அங்கே வரும் பட்டியலை எழுதியது சிம் நிறுவனம் என்பதால், சிம்முக்கு சிம் அது மாறும். நிறுத்தும் தேர்வே இல்லையென்றால் நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.