பொருளுக்கு ஏற்ற குரலைத் தேர்ந்தெடுப்பது எப்படி? ஒரு பிபி மெஷினை வைத்துப் பார்ப்போம்

விளம்பரத்துக்கோ வீடியோவுக்கோ குரல் தேடுகிறவர்களில் பலர் குரல் கலைஞர்களின் டெமோ கேட்பதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பத்துப் பதினைந்து டெமோ கேட்டதும் காதுக்கு இனிமையான ஒன்று மனதில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு அது நம் பொருளுக்குப் பொருந்துமா என்று யோசிப்பதே கஷ்டம். டெமோவில் இருப்பதெல்லாம் அந்தக் கலைஞர் சிறப்பாகச் செய்த சில நொடிகள்தான். உங்கள் ஸ்கிரிப்டில் உள்ள எண்களையும் கலைச்சொற்களையும் அவர் எப்படிச் சொல்வார் என்று அதில் தெரியாது. அதனால் வயது, ஆண் குரலா பெண் குரலா, பேச்சு வழக்கு ஆகிய மூன்றையும் முதலில் தாளில் முடிவு செய்வோம். டெமோவைக் கடைசியில் தொட்டால் போதும்.

உதாரணத்துக்கு, வீட்டில் வைத்து ரத்த அழுத்தம் பார்க்கும் டிஜிட்டல் மெஷினை எடுத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு பதிவுகள் தேவை: 30 நொடி விளம்பரம் ஒன்று, மெஷினை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டும் 4 நிமிட வீடியோ ஒன்று.

படி 1: கேட்பவர் யார், எந்த நிலையில் கேட்கிறார்?

இந்த மெஷினைப் பயன்படுத்துபவர் 60 வயதைத் தாண்டியவர். வாங்கிக் கொடுப்பதோ பெரும்பாலும் 30 முதல் 45 வயதுக்குள் இருக்கும் மகனோ மகளோ. ஆக, ஒரே பொருளுக்குக் கேட்பவர்கள் இரண்டு பேர். விளம்பரத்தைக் கேட்கும் மகள் போனில் விரலால் தள்ளிக்கொண்டே போகிறாள். முதல் சில நொடிகளில் காது நிற்காவிட்டால் அடுத்ததுக்குப் போய்விடுவாள். செய்முறை வீடியோவைக் கேட்கும் அப்பா போனை மேஜையில் சாய்த்து வைத்திருக்கிறார். ஒரு கையில் மெஷினோடு வரும், கையில் சுற்றும் பட்டை, மறு கையில் அதன் நுனி. என்ன எண் வருமோ என்ற லேசான பயமும் இருக்கும்.

இரண்டு பதிவுக்கும் ஒரே குரலைப் போட்டால் இடிப்பது இங்கேதான். விளம்பரத்தின் துள்ளலோடு அப்பாவுக்குச் சொன்னால் அவர் இரண்டாவது படியிலேயே பின்தங்கிவிடுவார். அப்பாவுக்கு வேண்டிய நிதானத்தில் விளம்பரம் ஓடினால் மகள் நிற்க மாட்டாள். எனவே இரண்டு குரல் என்று இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். இனி பெரும்பாலும் செய்முறை வீடியோவையே பார்ப்போம். தவறு அதிகம் நடப்பதும் அதில்தான்.

படி 2: பேசுபவர் கேட்பவருக்கு என்ன முறை?

தமிழில் இதைத் தள்ளிப்போட முடியாது; வினைச்சொல்லின் முடிவே உறவைச் சொல்லிவிடும். “பட்டையைச் சுற்றவும்” என்றால் அறிவிப்புப் பலகை பேசுகிறது. “பட்டையைச் சுத்துங்க” என்றால் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர் பேசுகிறார். “சுத்துங்கப்பா” என்றால் பிள்ளை பேசுகிறது. நம் வீடியோவுக்கு நடுவில் உள்ளது சரி: அனுபவமுள்ள ஒரு செவிலியர் பக்கத்தில் இருந்து சொல்வது போல. விளம்பரத்துக்கு, தன் பெற்றோருக்கு இந்த மெஷினை வாங்கிக் கொடுத்த ஒருவர் தன் வயதுக்காரரிடம் சொல்வது போல. இந்த ஒரு வரியை எழுதிவிட்டால் வயது பாதி முடிவானதுபோலத்தான்.

படி 3: வயது

கலைஞரின் பிறந்த தேதி நமக்கு வேண்டாம். அந்தக் குரலைக் கேட்டால் எத்தனை வயது தோன்றுகிறது என்பதே கணக்கு. 28 வயதுக்காரர் 45 ஆகவும், 55 வயதுக்காரர் 40 ஆகவும் ஒலிப்பது சாதாரணம். குழந்தைக் குரலையே பல நேரம் பெரிய பெண்கள்தான் கொடுக்கிறார்கள்.

செய்முறை வீடியோவுக்கு 40 முதல் 50 வரை தோன்றும் குரல் என்று குறித்துக்கொள்ளுங்கள். 25 தோன்றும் குரல் “பேசாதீங்க, கையை அசைக்காதீங்க” என்று சொன்னால், எவ்வளவு மரியாதையாகச் சொன்னாலும் பெரியவர்களுக்கு அதட்டல் போலக் கேட்க வாய்ப்பு அதிகம். சரி, கேட்பவரின் வயதிலேயே 70 தோன்றும் குரலைப் போட்டால்? முதுமைக் குரலில் நடுக்கமும் மூச்சுக் கலப்பும் கூடும், சொற்களின் விளிம்பு மங்கும். நெருக்கம் கிடைக்கும், தெளிவு போய்விடும். ஒரு அனுபவக் கதை சொல்ல அந்தக் குரல் அருமை. படிப்படியாகச் செய்யச் சொல்ல ஒத்துவராது.

ஒரு எச்சரிக்கை. வயதை வரவழைத்துப் பேசும் கலைஞர்கள் 30 நொடி அசராமல் தாக்குப்பிடிப்பார்கள். நான்கு நிமிடத்தில் சொந்தக் குரல் எட்டிப் பார்க்கும். முழு ஸ்கிரிப்டை ஒரே மூச்சில் படிக்கச் சொல்லி, முதல் 20 நொடியையும் கடைசி 20 நொடியையும் அடுத்தடுத்து ஒட்டிக் கேளுங்கள். இரண்டு ஆள் பேசுவதுபோல் இருந்தால், அந்த வயது அவருக்கு இயல்பாக வரவில்லை என்று அர்த்தம்.

படி 4: ஆணா, பெண்ணா?

இதில் கேள்விப்பட்ட விதிகளை நம்பி முடிவெடுப்பவர்கள் அதிகம். “வயதானவர்களுக்குப் பெண் குரல் கேட்காது, ஆண் குரல் போடு” என்பது அதில் ஒன்று. வயதில் காது மந்தமாவது உயர்ந்த அதிர்வெண்களில் தொடங்குகிறது என்பது உண்மை. ஆனால் பேச்சில் பெண் குரலின் அடிப்படைச் சுருதி பொதுவாக 165 முதல் 255 ஹெர்ட்ஸ் வரைதான், ஆண் குரல் 85 முதல் 155 வரை. இரண்டுமே தாழ்ந்த பகுதி. மங்குவது அதற்கு வெகு மேலே, 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும் ச, ஸ, ட, த போன்ற ஒலிகளின் கூர்மை. யார் பேசினாலும் அது மங்கும். போன் ஸ்பீக்கரின் கதை வேறு: அது தாழ்ந்த ஒலிகளைச் சரியாகத் தராது, அதனால் ஸ்டுடியோவில் கம்பீரமாக இருந்த கனத்த ஆண் குரல் போனில் மெலிந்துவிடும்.

ஆகவே இந்த வீடியோவுக்கு ஆண், பெண் இரண்டிலும் மாதிரி கேளுங்கள். மெய்யெழுத்து யாருக்குத் தெளிவாக விழுகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று, வாக்கியத்தின் கடைசி. தமிழில் வினை கடைசியில் வருகிறது. “செய்” என்பதும் “செய்யாதே” என்பதும் அங்கேதான் பிரிகின்றன. பல நல்ல குரல்கள் வாக்கியம் முடியும்போது மூச்சோடு கரைந்துவிடும். கவிதைக்கு அது அழகு. இங்கே “பேசாதீங்க” என்பதில் “பே…” மட்டும் காதில் விழுந்தால், சொன்னதற்கு நேர் எதிராகச் செய்துவிடுவார்கள். பேசினால் மெஷின் காட்டும் அளவும் மாறும். கடைசிச் சொல்லைக் கீழே விடாத குரல்தான் வேண்டும்.

படி 5: பேச்சு வழக்கு

பல வட்டாரங்களுக்கும் போகும் செய்முறை வீடியோவுக்கு, எந்த ஊர் என்று உடனே பிடிபடாத பொதுப் பேச்சுத் தமிழ் போதும். வட்டார வாடையை விளம்பரத்தில் வைக்கலாம், அந்த விளம்பரம் அந்த வட்டாரத்தில் மட்டும் ஓடுமானால். அப்போதும் அந்த வழக்கில் வளர்ந்தவரையே தேடுங்கள். வரவழைத்த வழக்கு முதலில் சறுக்குவது வினை முடிவுகளிலும், வேகமாகப் பேசும் இடங்களிலும், வாக்கியத்தின் ஏற்ற இறக்கத்திலும். வெளியூர்க்காரருக்கு அது தெரியாது, அந்த ஊர்க்காரருக்கு முதல் வரியிலேயே தெரியும். தன்னைக் கேலி செய்வதாகவும் எடுத்துக்கொள்வார். எனவே அந்த வழக்குப் பேசும் ஒருவர் கேட்டுச் சரி சொல்லாமல் எதையும் வெளியிடாதீர்கள்.

படி 6: மாதிரிக்கு உங்கள் ஸ்கிரிப்டையே கொடுங்கள்

சிக்கலான இடங்களை எல்லாம் திரட்டி ஒரே பத்தியாக்குங்கள். நம் மெஷினுக்கு இப்படி:

“முதல்ல 5 நிமிஷம் சாஞ்சு உட்காருங்க. ரெண்டு காலும் தரையில இருக்கட்டும். பட்டையை முழங்கைக்கு ரெண்டு விரல் அளவு மேல சுத்துங்க. கை நெஞ்சு உயரத்துல, மேஜை மேல இருக்கணும். இப்போ நீல பட்டனை அழுத்துங்க. பட்டை இறுகும்போது பேசாதீங்க, கையை அசைக்காதீங்க. திரையில 138, கீழ 86-னு வந்தா, ரெண்டையும் தேதியோட எழுதி வைங்க.”

இதில் “முழங்கை”, “அழுத்துங்க” இரண்டும் ழகரச் சோதனை. “138” எண்ணுக்கு: “நூத்தி முப்பத்தெட்டு” என்று இயல்பாக வருகிறதா, “நூற்று முப்பத்தெட்டு” என்று திடீரென மேடைத் தமிழாகிறதா என்று கவனியுங்கள். அடுத்தடுத்து வரும் இரண்டு “தீங்க” வாக்கிய முடிவைச் சோதிக்கும். மாதிரி கேட்கும்போது “இளமையான, உற்சாகமான குரல்” என்றெல்லாம் எழுத வேண்டாம்; படி 2-இல் எழுதிய உறவு வரியை அப்படியே அனுப்புங்கள். கலைஞருக்கு அதுதான் பிடி.

படி 7: பெயர் தெரியாமல், ஒரே சத்தத்தில் கேளுங்கள்

நான்கைந்து மாதிரிகள் போதும். சத்தமாக இருக்கும் பதிவு நல்ல பதிவு போலத் தோன்றுவது காதின் இயல்பு. அதனால் முதலில் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து, Loudness Normalization எஃபெக்டில் சத்த அளவை -16 LUFS என்று கொடுத்தால் சமமாகிவிடும். கோப்புகளுக்கு A, B, C, D என்று மட்டும் பெயரிடுங்கள். பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஒரு போனை மேஜையில் வைத்து, மின்விசிறி ஓடும் அறையில் போடுங்கள்.

கேட்பவர்கள் உங்கள் அலுவலக ஆட்களாக இருந்தால் பயனில்லை. 60 தாண்டிய ஐந்தாறு பேர் வேண்டும். “எந்தக் குரல் பிடித்தது?” என்று கேட்டால் மரியாதைக்கு எல்லாமே நன்றாக இருக்கிறது என்பார்கள். மெஷினைக் கையில் கொடுத்துவிட்டுப் பதிவைப் போடுங்கள், எந்த இடத்தில் கை நின்றது, எந்த இடத்தில் “என்ன சொன்னாங்க?” என்று திரும்பினார்கள் என்று குறியுங்கள். முதல் முறை கேட்டதும் எல்லாருக்கும் படிகள் பழகிவிடும் என்பதால், வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றி, ஒருவர் A-யில் தொடங்கினால் அடுத்தவர் C-யில் தொடங்கட்டும். முடிந்தபின் இரண்டே கேள்வி: பேசியவருக்கு என்ன வயது இருக்கும்? உங்களிடம் எப்படிப் பேசினார்?

முதல் கேள்விக்கு 30 என்று பதில் வந்தால், நீங்கள் 45 என்று நினைத்த குரல் கேட்பவரிடம் 45 ஆகப் போய்ச் சேரவில்லை. இரண்டாவதுக்கு “வாத்தியார் மாதிரி” என்று ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சொன்னால் உடனே ஆளை மாற்ற வேண்டாம். அதே கலைஞரிடம் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, ஒவ்வொரு படிக்கும் பிறகு 2 நொடி விட்டு, இன்னொரு டேக் கேளுங்கள். அதட்டல் பாதி நேரம் அவசரத்தால் வருவதுதான். மாறிய டேக்கிலும் அதே பதில் வந்தால், அடுத்த குரலுக்குப் போங்கள்.

தேர்ந்தெடுத்தவரின் இறுதி மாதிரியை, எந்த மைக், வாய்க்கும் மைக்குக்கும் எத்தனை விரற்கடை இடைவெளி என்ற குறிப்போடு பத்திரப்படுத்துங்கள். மெஷினின் பட்டன் அடுத்த வருடம் நீலத்திலிருந்து பச்சையானால், அந்த ஒரு வரியை மட்டும் திரும்பப் பதிவு செய்து பழையதோடு ஒட்ட வேண்டியிருக்கும். அன்று கலைஞர் அந்த மாதிரியைக் காதில் கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்க வேண்டும்.